விருந்துக்காகச் செலவை வெட்டிய வருஷம்

பாபநாசம் பக்கம், குடமுருட்டி ஆற்றை ஒட்டிய ஓர் ஊரில் அறக்கட்டளை நடத்தும் மாணவர் விடுதியில் நான் காப்பாளர். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை 84 பையன்கள் தங்கிப் படிக்கிறார்கள். பெரும்பாலும் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்களின் பிள்ளைகள். பள்ளிக்கூடம் அடுத்த தெருவில்தான் என்பதால் மதியச் சாப்பாட்டுக்கும் விடுதிக்கே வந்துவிடுவார்கள். வருஷத்துக்கு ஒருமுறை, மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் இலை போட்டு விருந்து வைப்போம். சம்பா அறுவடை முடிந்து வீட்டில் கொஞ்சம் காசும் ஓய்வும் இருக்கிற நேரம் அது. அப்பா, அம்மா, பாட்டி, தங்கை என்று குடும்பமாக வந்து, பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே பந்தியில் சாப்பிடுவார்கள். மற்ற நாட்களில் கேட்டுக்கு வெளியே நின்று பேசிவிட்டுப் போகிற அப்பாக்கள் அன்றைக்கு மட்டும் உள்ளே வந்து, மகன் படுக்கிற இடம், பெட்டி வைக்கிற இடம் எல்லாவற்றையும் பார்ப்பார்கள்.

போன வருஷம் ஜூலை மாதம் பட்ஜெட் தாள் கைக்கு வந்தபோது 'ஆண்டு விருந்து - 60,000' என்ற வரி அடிக்கப்பட்டிருந்தது. நன்கொடை குறைந்துவிட்டது, எதையாவது குறைத்துத்தான் ஆகவேண்டும் என்றார்கள். நான் செயலாளரை நேரில் போய்ப் பார்த்தேன். "ஐயா, வேற செலவுல மிச்சம் பிடிக்கிறேன், அந்த மிச்சத்துல விருந்து வெச்சுக்கலாம்" என்றேன். "மிச்சம் பிடிச்சுக் காட்டுங்க வார்டன், பார்த்துக்கலாம்" என்றார். எனக்கு அது போதும் என்று தோன்றியது, கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். அந்த இடத்தில்தான் நான் பெரிய தப்பு செய்தேன். அது தை மாதம்தான் எனக்குத் தெரிந்தது.

முதலில் கை வைத்தது சாயங்காலச் சுண்டலில். பள்ளிவிட்டு வந்ததும் ஆளுக்கொரு கரண்டி சுண்டல் கொடுப்போம், பையன் ஒருவனுக்கு நாலு ரூபாய் கணக்கு. ஒரு நாளைக்கு 336 ரூபாய். அதை ஆகஸ்டில் நிறுத்தினேன். காகிதத்தில் பார்த்தால் மாதம் ஏழாயிரத்துக்கு மேல் மிச்சம். ஆனால் இரவு அரிசி பத்து கிலோவிலிருந்து பன்னிரண்டு கிலோ ஆனது. சுண்டல் இல்லாத பசியைச் சோற்றில் ஈடுகட்டினார்கள். அப்படியும் கணக்கில் மிச்சம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஐந்தாவது வாரம் ஒரு மதியம், ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனின் புத்தகப் பையில் எறும்பு ஊர்வதைப் பார்த்துத் திறந்தேன். நோட்டுத் தாளில் சுற்றிய சோற்று உருண்டை. எலுமிச்சம்பழ அளவு, நடுவில் ஊறுகாய் வைத்து அழுத்தியிருந்தான். "சாயங்காலம் பசிக்கும் சார், அதான்" என்றான். அன்றைக்கே கடைக்கு ஆள் அனுப்பிக் கொண்டைக்கடலை வாங்கி ஊறப்போடச் சொன்னேன். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. விருந்து யாருக்காகவோ அவர்கள் வயிற்றிலிருந்தே அதற்குப் பிடித்திருக்கிறேன். விடுதி நடத்துகிற யாராவது இதைப் படித்தால் சொல்கிறேன், செலவைக் குறைக்க உட்காரும்போது பிள்ளைகள் வாயில் நேராகப் போகிற எதையும் அந்தப் பட்டியலில் எழுதாதீர்கள். குறைக்க வேறு இடம் நிறைய இருக்கிறது. ஆனால் அது கண்ணுக்குச் சட்டென்று தெரியாது.

அடுத்த அடி அரிசியில் விழுந்தது. வழக்கமாக நாங்கள் வாங்குவது ஒரு வருஷமாவது பழகிய புழுங்கல் அரிசி, கிலோ 48 ரூபாய். அக்டோபரில் குறுவை அறுவடை முடிந்து புது அரிசி வந்ததும் தெரிந்த வியாபாரி ஒருவர் 42 ரூபாய்க்குத் தருவதாகச் சொன்னார். ஒரு டன் எடுத்தால் 6,000 ரூபாய் மிச்சம் என்று மனக்கணக்குப் போட்டு எடுத்துவிட்டேன். சிப்பங்கள் வந்து இறங்கியபோது சமையல் பார்க்கிற அக்கா ஒரு கைப்பிடி எடுத்து வாயில் போட்டுக் கடித்துப் பார்த்தார். "புதுசு சார். இது சோறு காணாது" என்றார். நான் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

புது அரிசியில் ஈரம் அதிகம், உலையில் போட்டால் குறைவாகத்தான் தண்ணீர் இழுக்கும். சோறு மலராமல் குழைந்து ஒட்டிக்கொள்ளும். பழைய அரிசி ஒரு கிலோ வடித்தால் இரண்டரை கிலோவுக்கு மேல் சோறு காணும், அதனால்தான் கல்யாணச் சமையல்காரர்கள் காசு கூடுதல் என்றாலும் பழைய அரிசியைக் கேட்பார்கள். எங்களுக்கு மதியம் 13, இரவு 10 என்று நாளைக்கு 23 கிலோ போதுமாக இருந்தது. புது அரிசி வந்த பிறகு 27 கிலோ போட வேண்டியிருந்தது. 43 நாள் வரவேண்டிய ஒரு டன் 37 நாளுக்குத்தான் காணும் என்று ஆனது. குறைகிற ஆறரை நாளுக்குப் பழைய அரிசி வாங்கினால் சுமார் 150 கிலோ, 7,100 ரூபாய். ஆறாயிரம் மிச்சம் பிடிக்கப் போய் ஏழாயிரத்து நூறு செலவு, ஆக ஆயிரத்து நூறு நஷ்டம். வயிறு மந்தமாக இருக்கிறது என்று இரண்டு மூன்று பையன்கள் தினமும் வந்து நின்றது தனி.

அதோடும் நிற்கவில்லை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை என்றால் தரையே வியர்க்கும். எங்கள் சரக்கறை பழைய கட்டடம், சிமெண்டுத் தரை. ஒரு டன் ஒரேயடியாக வந்ததால் இடம் போதாமல், சிப்பங்களைச் சுவரோடு ஒட்டி, தரையிலேயே அடுக்கிவிட்டோம். மூன்றாவது வாரம் அறையைத் திறந்தபோது ஈரச் சாக்கு நாற்றம். அடியில் இருந்த மூன்று சிப்பங்களில் கையை விட்டால் அரிசி சூடாக இருந்தது, கட்டி கட்டியாக வந்தது. சிப்பம் 26 கிலோ, மொத்தம் 78 கிலோ. காயவைக்கலாம் என்றால் வெயிலே இல்லை. பூஞ்சை பிடித்ததைக் கழுவிப் பிள்ளைகளுக்குப் போட எனக்கு மனம் வரவில்லை, அப்படியே கொட்டினேன். 3,276 ரூபாய் போயிற்று. இரண்டு கட்டைகளைக் குறுக்கே போட்டுப் பலகை வைத்து, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்கியிருந்தால் இது நடந்திருக்காது. மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு மேல் அரிசி இருப்பு வைக்காமல் இருந்திருந்தால் பலகைகூடத் தேவையில்லை.

இந்த இரண்டு நஷ்டத்தையும் சேர்த்து 4,400 ரூபாயை என் சம்பளத்திலிருந்து போட்டுக் கணக்கைச் சரிசெய்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை. திட்டுவார்களே என்ற பயத்தைவிட, விருந்துப் பேச்சே அதோடு முடிந்துவிடுமோ என்ற பயம்தான் அதிகம். அது தவறு. கைக்காசு போட்டால் பதிவேட்டில் உண்மை மறைந்துவிடுகிறது. அடுத்து வருகிற காப்பாளரும் அதே புது அரிசியை வாங்குவார், ஏனென்றால் ஏட்டில் நஷ்டம் என்று எங்கும் இருக்காது. நஷ்டம் வந்தால் தேதி போட்டு, சிவப்பு மையில், காரணத்தோடு எழுதிவிடுங்கள்.

கார்த்திகையில் ஒருநாள் காலை, கழனித் தண்ணீர் எடுக்க வருகிற மாட்டுக்காரர் சைக்கிளில் கட்டியிருந்த டின்னைத் தூக்க முடியாமல் பையன் ஒருவனைக் கூப்பிட்டுப் பிடிக்கச் சொன்னார். "வெள்ளிக்கிழமை ராத்திரி சோறுன்னா மறுநாள் எனக்கு ரெண்டு நடை சார்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். எனக்குச் சுருக்கென்றது. நான் கடைகடையாக அலைந்து கிலோவுக்கு ஆறு ரூபாய் தேடிக்கொண்டிருக்கிறேன், சமைத்த சோறு பின்வாசல் வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது.

அன்றைக்கே இரண்டு வாளி வைத்தேன். ஒன்று, தட்டில் மிச்சம் வைத்ததைக் கொட்ட. இன்னொன்று, பாத்திரத்திலேயே மீந்ததைக் கொட்ட. இதைப் பிரித்து வைப்பது முக்கியம். தட்டில் மீந்தால் ருசியில் குறை, இல்லை அளவுக்கு மேல் பரிமாறுகிறோம் என்று அர்த்தம். பாத்திரத்தில் மீந்தால் தலைக்கணக்கு தப்பு. ஒவ்வொரு வேளையும் தொங்குதராசில் நிறுத்து ஒரு நோட்டில் எழுதினேன். முதல் வாரம் பார்த்ததில் தட்டு மிச்சம் நாளைக்கு மூன்று கிலோதான், பையன்கள்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாத்திர மிச்சம் சராசரி எட்டு கிலோ. வெள்ளிக்கிழமை இரவில்தான் மிக அதிகம். எட்டு கிலோ சோறு என்றால் மூன்று கிலோ அரிசி, அதற்குண்டான சாம்பார், பொரியல். ஒரு நாளைக்கு இருநூறு ரூபாய்க்குக் குறையாது.

காரணம் தேட அதிக நேரம் ஆகவில்லை. அம்மாப்பேட்டை, வலங்கைமான் பக்கத்துப் பையன்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் சாயங்கால பஸ்ஸில் ஊருக்குப் போய்விடுவார்கள். அக்காவுக்கு யாரும் சொல்வதில்லை, அவர் 84 பேருக்கே உலை வைப்பார். சமையலறை வாசலில் ஒரு கரும்பலகை மாட்டினேன். காலை ஏழரைக்குள் மதிய எண்ணிக்கை, மாலை நாலரைக்குள் இரவு எண்ணிக்கை. ஒவ்வொரு அறைக்கும் ஒரு பையன் பொறுப்பு. அரிசி அளக்க ஒரே படியை வைத்துக்கொண்டு, இத்தனை பேருக்கு இத்தனை படி என்று அக்காவும் நானும் உட்கார்ந்து எழுதிச் சுவரில் ஒட்டினோம். முதல் பத்து நாள் குளறுபடிதான். ஊருக்குப் போகிறேன் என்று பெயர் கொடுத்த நாலு பையன்கள் பஸ்ஸைத் தவறவிட்டுத் திரும்பி வந்து நின்றார்கள், அக்கா ரவையைக் கிண்டிப் போட்டார். அதிலிருந்து இரண்டு கிலோ ரவை எப்போதும் கையிருப்பு. மார்கழி பிறப்பதற்குள் பாத்திர மிச்சம் ஒரு கிலோவுக்குக் கீழே வந்துவிட்டது. மாட்டுக்காரர் கொஞ்சம் வருத்தப்பட்டார், அவருக்கு வடிகஞ்சி முழுவதையும் கொடுக்கிறோம்.

கேஸ் இரண்டாவது இடம். 19 கிலோ சிலிண்டர் மாதம் ஒன்பது ஓடிக்கொண்டிருந்தது, ஒன்று ஏறக்குறைய 1,900 ரூபாய். பாத்திரத்தின் அடி கன்னங்கரேலென்று இருப்பதை வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறேன், அது சமையலறைக்கு இயல்பு என்று நினைத்திருந்தேன். அடுப்பு நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக நாக்கு நீட்டி எரிந்தால், அடியில் கரி பிடித்தால், பர்னர் அடைத்திருக்கிறது, கேஸ் முழுதாக எரியாமல் வீணாகிறது என்று பொருள். ஆள் வைத்து மூன்று பர்னரையும் கழற்றிச் சுத்தம் செய்து ஒன்றை மாற்றியதில் 1,400 ரூபாய் ஆனது. புழுங்கல் அரிசியை முக்கால் மணி நேரமும் பருப்பை ஒரு மணி நேரமும் ஊறவைத்த பிறகே அடுப்பில் ஏற்றுவது என்று அக்கா மாற்றிக்கொண்டார். அண்டாவுக்குப் பொருத்தமான மூடி வாங்கினோம். மாதம் ஏழு சிலிண்டருக்கு வந்தது. சிலிண்டர் வரும்போது நிறுத்துத்தான் வாங்குகிறேன். மேலே வெறும் சிலிண்டரின் எடை பொறித்திருக்கும், அதோடு பத்தொன்பதைக் கூட்டினால் வரவேண்டிய எடை. தராசு நம்மிடமே இருந்தால் யாரோடும் சண்டை இல்லை.

காய்கறியை உள்ளூர்க் கடையில் தினம் வாங்குவதை விட்டு, வாரம் இருமுறை கும்பகோணம் மார்க்கெட்டில் மொத்தமாக எடுத்ததில், ஆட்டோக் கூலி போக வாரம் 1,200 ரூபாய் நின்றது. விடியற்காலை நாலு மணிக்கு நானே போகவேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

தை பிறந்ததும், மாசி வரை நிற்கக்கூடியதையும் சேர்த்துக் கணக்கைக் கூட்டினேன். சோறு மீதத்தில் பதிமூன்றாயிரம், கேஸில் பர்னர் செலவு போகப் பத்தாயிரம், காய்கறியில் 14,400. மொத்தம் 37,400. சந்தோஷமாகச் செயலாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லது வார்டன், இந்த வருஷப் பற்றாக்குறையில பாதி இதுலயே அடைஞ்சிடும்" என்றார். விருந்தா? உணவுத் தலைப்பில் மீந்த பணத்தை, அடிக்கப்பட்ட ஒரு தலைப்புக்கு எடுத்துச் செலவு செய்ய அவருக்கே அதிகாரம் இல்லையாம். கமிட்டி தீர்மானம் வேண்டும். ஜூலையில் நான் கேட்டது ஏதாவது எழுத்தில் இருக்கிறதா என்றார். ஒன்றுமில்லை. அவர் பொய் சொல்லவில்லை. "பார்த்துக்கலாம்" என்றுதான் சொன்னார், சம்மதம் என்று எடுத்துக்கொண்டது நான். அன்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஆற்றங்கரை வழியாக விடுதிக்கு நடந்து வந்தேன், ஏறி மிதிக்கத் தெம்பில்லை. விருந்து உண்டா சார் என்று பையன்கள் கேட்க ஆரம்பித்திருந்தார்கள்.

இதைத்தான் யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். எந்தச் செலவுக்காக மிச்சம் பிடிக்கிறீர்களோ, அந்த மிச்சம் அந்தச் செலவுக்கே போகும் என்று தொடங்கும் முன்பே தீர்மானத்தில் எழுதி வாங்கிவிடுங்கள். 'உணவு, எரிபொருள் தலைப்புகளில் சேமிக்கும் தொகையில் இத்தனை ரூபாய்க்கு மிகாமல் ஆண்டு விருந்துக்கு மாற்றிக்கொள்ளலாம்' என்று ஒரு வரி போதும். அப்புறம் மாதாமாதம் மிச்சக் கணக்கை அனுப்பிக்கொண்டே இருங்கள். மொத்தமாகக் கடைசியில் கொண்டுபோய் வைத்தால், அது யாருக்கும் எதிர்பாராமல் வந்த பணமாகத்தான் தெரியும்.

தை கடைசியில் கமிட்டி கூடியது. இரண்டு வாளி நோட்டு, கேஸ் ரசீதுகள், மார்க்கெட் சீட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனேன். இந்த முறை அரிசியில் போன 4,400-ஐயும் சொன்னேன். சொல்லும்போது குரல் நடுங்கியது. வயதான உறுப்பினர் ஒருவர் வாளி நோட்டை வாங்கி வெகுநேரம் புரட்டினார், வெள்ளிக்கிழமைப் பக்கங்களைத் தேடித்தேடிப் பார்த்தார். கடைசியில் 35,000 ரூபாய்க்கு அனுமதி கிடைத்தது. மீதி பற்றாக்குறைக்கு. என் கைக்காசு திரும்பவில்லை, நான் கேட்கவுமில்லை.

அறுபதாயிரத்தில் போட்ட விருந்தை முப்பத்தைந்தாயிரத்துக்குள் கொண்டுவர வேண்டும், இலை மட்டும் 250. நாள் பார்ப்பதில்தான் பெரிய மிச்சம் இருந்தது. முகூர்த்த ஞாயிறு என்றால் சமையல் ஆட்கள் கூலி, இலை, காய், பூ, பாத்திர வாடகை எல்லாம் ஏறிவிடும். காலண்டரில் முகூர்த்தம் இல்லாத, மாசி மகத்தையும் ஒட்டி வராத ஞாயிறாகத் தேர்ந்தெடுத்தோம். மகத்தன்று கும்பகோணம் பஸ்ஸில் பெற்றோர் ஏறவே முடியாது. 14,000 கேட்கிற சமையல் குழு 9,000-க்கு வந்தது. எட்டு, ஒன்பது ரூபாய்க்குப் போகிற நுனி இலை திருவையாற்றுப் பக்கத்திலிருந்து நாலரை ரூபாய்க்குக் கிடைத்தது. மேசை, நாற்காலி வாடகையை விட்டுவிட்டு, படிப்புக்கூடத்தில் பந்திப்பாய் விரித்து இரண்டு பந்தி. பரிமாறுவது பன்னிரண்டாம் வகுப்புப் பையன்கள், முந்தைய வாரம் அக்கா அவர்களுக்கு இலையில் எது எந்தப் பக்கம் என்று சொல்லிக் கொடுத்தார். ஜாங்கிரி, லட்டு என்று வெளியில் வாங்குவதை நிறுத்திவிட்டு, அசோகா அல்வா மட்டும் விடுதியிலேயே கிண்டினோம். பாசிப்பருப்பு நமக்குக் கட்டுப்படியாகிற சரக்கு, நெய்யில் மட்டும் கை வைக்கவில்லை. சோற்றுக்குப் பழைய அரிசி, கிலோவுக்கு விலை பேசாமல் வாங்கினேன்.

பெற்றோர்களிடம் எதுவும் கொண்டுவரச் சொல்லவில்லை. அப்படியும் காலையிலேயே வந்து இறங்கியவர்கள் கையில் தேங்காய், ஒரு சீப்பு வாழைப்பழம், தோட்டத்துக் கத்திரிக்காய் என்று ஏதாவது இருந்தது. சோற்று உருண்டை வைத்திருந்த பையனின் அம்மா மடியில் கட்டிக்கொண்டு வந்த பச்சை மொச்சையை அக்காவிடம் கொடுத்து, குழம்பில் போடச் சொன்னார். முதல் பந்தியில் அவன் அம்மாவுக்கும் தங்கைக்கும் நடுவில் உட்கார்ந்து, தன் இலை அல்வாவைத் தங்கை இலைக்குத் தள்ளிவிட்டு இன்னொரு தரம் வாங்கிக்கொண்டான்.

செலவு 34,600. சாயங்காலம் எல்லோரும் போன பிறகு பழக்கத்தில் வாளியைத் தராசில் மாட்டினேன். பாத்திர மிச்சம் மூன்றரை கிலோ. அக்கா அதையும் விடவில்லை, பந்தியில் உட்காராமல் வேலை பார்த்த ஆட்களுக்குப் பிசைந்து உருட்டிக் கையில் போட்டார், எனக்கும் ஓர் உருண்டை. நோட்டில் பூஜ்யம் என்று எழுதினேன்.